ஊருக்குப் பார்சல்: குத்தாலத்துக்கு அனுப்பியது குற்றாலம் போய்த் திரும்பி வந்தது. முகவரியை எப்படித்தான் எழுதுவது?

குத்தாலத்து மருமகள்
செவ்வாய், இரவு 10.40

வணக்கம். நான் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். கணவரின் பெரிய அத்தைக்கு முட்டிக்குப் போடும் பட்டை, தைலம், இரண்டு நைட்டி, பேரனுக்கு ஒரு பள்ளிக்கூடப் பை, எல்லாம் சேர்த்து நாலு கிலோ அனுப்பினேன். நேற்று அது அப்படியே என் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டது. அனுப்பிய கட்டணம் போனது போனதுதான்.

நடந்தது இதுதான். முகவரியை அத்தை வாட்ஸ்அப்பில் குரலாகச் சொன்னார்: "மயிலாடுதுறை மாவட்டம், குத்தாலம் வட்டம், குத்தாலம், கீழத்தெரு, நாலு பை பன்னெண்டு." அவர் சொன்ன வரிசையிலேயே முதல் வரிக் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டேன். இரண்டாம் வரியில் பிள்ளையார் கோயில் பக்கம் என்று போட்டேன். அடுத்து ஊர்ப் பெயர்க் கட்டம். அதில் நாமாக எழுத முடியாது, பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். Kuttalam என்று ஒன்று அதில் இல்லை. Courtallam இருந்தது. "வெள்ளைக்காரன் வைத்த ஸ்பெல்லிங்கா இருக்கும், தஞ்சாவூரை டான்ஜூர் ஆக்கின மாதிரி" என்றார் கணவர். சரி என்று தட்டினேன். பின் கோடு தானாக நிரம்பியது. அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, என் தப்புதான்.

பத்து நாள் கழித்துத் தேடிப் பார்த்தால் பார்சல் தென்காசியில் நிற்கிறது! திரும்பி வந்த பெட்டியில் ஒட்டியிருந்த லேபிளில் முதல் வரி இப்படி இருந்தது:

```
Mayiladuthurai District, Kuttalam T
```

அவ்வளவுதான். கீழத்தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. ஆனால் மாவட்டம் மயிலாடுதுறை என்று தெளிவாகத்தானே இருக்கிறது? தென்காசியில் அதைப் பார்த்து மாற்றி அனுப்பியிருக்கக் கூடாதா? மறுபடி அனுப்பப் போகிறேன். ஆங்கிலத்தில் எழுதுவதா, தமிழில் எழுதுவதா, எந்த வரிசையில் எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாவது மாடி
செவ்வாய், இரவு 11.05

இதற்கு ஏன் இவ்வளவு குழப்பம்? அஞ்சல் குறியீடு சரியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் அலங்காரம். நான் இங்கே எங்கிருந்து பொருள் வாங்கினாலும் ஆறு இலக்கமும் வீட்டு எண்ணும் மட்டும்தான் போடுகிறேன். சாலைப் பெயரைத் தப்பாக அடித்தபோதுகூடச் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது. சரியான பின் கோடு போடுங்கள், வேலை முடிந்தது.

யீஷூன் செல்வா
செவ்வாய், இரவு 11.20

அக்கா, எனக்கும் இதே பிரச்சினை. என் அடையாள அட்டையில் பெயர் s/o என்று அப்பா பெயரோடு இருக்கிறது. ஊர்ப் படிவத்தில் அந்தச் சாய்கோட்டை ஏற்க மாட்டேன் என்கிறது. எடுத்துவிட்டுப் போட்டால் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரோடு ஒத்துப் போகவில்லை என்கிறார்கள். எது முதல் பெயர், எது குடும்பப் பெயர்?

குத்தாலத்து மருமகள்
செவ்வாய், இரவு 11.31

தம்பி, நான் கேட்டது முகவரி. பெயருக்குத் தனி இழை போடுங்கள், அதற்கும் நிறையப் பேர் வருவார்கள்.

கார்கோ கனி
புதன், காலை 7.15

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கார்கோ கடையில் 14 வருடமாகப் பெட்டி கட்டுகிறேன். குத்தாலம், குற்றாலம் குழப்பம் எனக்குப் புதிதல்ல. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான், "ற்ற" என்பதை நாம் "த்த" என்றுதானே சொல்கிறோம். கவுண்டரில் யாராவது குத்தாலம் என்றால், "அருவியா, காவிரியா?" என்று கேட்ட பிறகுதான் பேனாவை எடுப்பேன்.

முதலில் நாலாவது மாடிக்குப் பதில். நீங்கள் சொல்வது சிங்கப்பூருக்குச் சரி. இங்கே 1995இலிருந்து ஆறு இலக்கம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு. தேக்கா சென்டர் பஃபலோ சாலையில் பிளாக் 665. அதன் குறியீடு 210665. முன்னால் இருக்கும் 21 வட்டாரம், பின்னால் இருப்பது பிளாக் எண்ணேதான். ஆகவே சாலைப் பெயரே இல்லாவிட்டாலும் தபால்காரர் கட்டடத்துக்கு வந்துவிடுவார். மாடி எண்ணும் வீட்டு எண்ணும் மட்டும் மிச்சம்.

இந்தியப் பின் கோடும் ஆறு இலக்கம்தான், 1972இலிருந்து இருக்கிறது. ஆனால் அது கட்டடத்தைக் காட்டாது, தபால் நிலையத்தைக் காட்டும். குத்தாலம் 609801. முதல் மூன்று இலக்கம் எந்தப் பிரிப்பு வட்டாரம் என்று சொல்லும், கடைசி மூன்று எந்த நிலையம் என்று சொல்லும். அந்த ஒரே எண்ணுக்குக் கீழே ஊரும் சுற்றுக் கிராமங்களும் வரும். பின் கோடு பெட்டியைக் குத்தாலம் தபால் நிலையத்து மேசை வரை கொண்டுபோய் வைக்கும். அங்கிருந்து கீழத்தெரு 4/12க்குப் போக வழி தெருப் பெயரில்தான் இருக்கிறது. தங்கச்சி லேபிளில் அதுதான் வெட்டுப்பட்டுப் போய்விட்டது.

இன்னொன்று கவனியுங்கள். 60இல் தொடங்கும் ஆறு இலக்கம் சிங்கப்பூரிலும் உண்டு, ஜூரோங் பக்கம். வெறும் 609801 என்று கடைசி வரியில் நின்றால் இங்கே பிரிக்கிற ஆளோ இயந்திரமோ உள்ளூர்ப் பெட்டி என்று எடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. அதனால் INDIA என்பது கடைசி வரியில், தனியாக, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

தென்காசியில் ஏன் மாற்றி அனுப்பவில்லை என்று கேட்டீர்கள். தானாக நிரம்பிய எண் 627802ஆக இருந்திருக்கும், அது குற்றாலத்துடையது. சென்னையில் சுங்கம் முடிந்ததும் பெட்டியைப் பிரிப்பவர் எண்ணைத்தான் பார்ப்பார். 627 என்றால் திருநெல்வேலிப் பக்கத்து மூட்டை. மேலே மயிலாடுதுறை என்று எழுதியிருப்பதை வாசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. குற்றாலத்துத் தபால்காரர்தான் முதன்முதலில் அந்த வரியை வாசித்திருப்பார். அவருக்கு எண் குற்றாலம், ஊர் குற்றாலம், மாவட்டம் மட்டும் வேறு, தெருவே இல்லை. போன் செய்து பார்த்திருப்பார். லேபிளில் யாருடைய போன் எண் கொடுத்தீர்கள்?

குத்தாலத்து மருமகள்
புதன், காலை 8.02

ஐயோ அண்ணே. என் சிங்கப்பூர் எண்ணைக் கொடுத்தேன். தெரியாத எண் என்றால் அத்தை எடுக்க மாட்டார்.

கார்கோ கனி
புதன், காலை 8.10

அப்புறம் எப்படி? அந்தத் தபால்காரர் நம் ஊர் எண்ணுக்கா ஐஎஸ்டி போடுவார்? அத்தை எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுப் பையன் எண்ணையாவது கொடுங்கள். +91, பிறகு பத்து இலக்கம்.

சிராங்கூன் பழசு
புதன், காலை 9.30

கனி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அத்தை சொன்ன வரிசை தப்பில்லை அம்மா. அது பத்திர வரிசை. கிரயப் பத்திரம் எதை எடுத்தாலும் "இன்ன மாவட்டம், இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன தெரு, கதவு எண் இத்தனையில் வசிக்கும் இன்னார் மகன் இன்னார்" என்றுதான் தொடங்கும். பெரியதிலிருந்து சிறியதுக்கு. வாயால் முகவரி சொல்லும்போது பெரியவர்கள் பலர் அப்படியே சொல்வார்கள், ஏனென்றால் வேற்றுமை உருபு போட்டுத் தமிழில் சொன்னால் அப்படித்தான் ஓடும். உறைமேல் எழுதும்போது அதே ஆட்கள் தலைகீழாக, பெயர், கதவு எண், தெரு, ஊர் என்று எழுதுவார்கள். அது தபால் இலாகா நமக்குப் பழக்கியது. ஆக ஒரே தமிழில் இரண்டு வரிசை. படிவத்துக்கு வேண்டியது உறை வரிசை. நீங்கள் பத்திரத்தைக் கொண்டுபோய் உறையில் ஒட்டிவிட்டீர்கள்.

என் தாத்தா நீ சூனில் இருந்தபோது ஊரிலிருந்து வந்த கடிதம் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. எங்களுக்கும் மாயவரம் பக்கம்தான். அதில் அனுப்பியவர் முகவரி "மாயவரம், தஞ்சாவூர் ஜில்லா". 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தபோது எங்கள் ஊர் அந்த மாவட்டம் ஆனது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டம் ஆனது. வீடு நகரவே இல்லை, மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. படிவங்கள் சிலவற்றில் இன்னும் நாகப்பட்டினம்தான் இருக்கிறது. நான் அதையே தேர்ந்தெடுத்துவிடுவேன். மாவட்டம் பிரிந்தாலும் எங்கள் பின் கோடு மாறவில்லை, பெட்டி வந்து சேர்ந்துவிடுகிறது.

நீ சூன் என்று நான் சொன்னது இன்றைய யீஷூன்தான், செல்வா. ஒரே சீனப் பெயர், உச்சரிப்பு மட்டும் தியோச்சுவிலிருந்து மாண்டரினுக்கு மாறியது. தேக்கா சென்டருக்கும் சில காலம் Zhujiao என்று பலகை மாட்டி வைத்திருந்தார்கள். யார் வாயிலும் நுழையவில்லை, திரும்பத் தேக்காவே வந்துவிட்டது.

ரேணு செங்காங்
புதன், மதியம் 12.45

ஐயா சொன்ன பத்திர வரிசைதான் சீனாவிலும். என் அலுவலகத் தோழி அவளுடைய அம்மாவுக்கு அனுப்பும்போது மாநிலம், நகரம், தெரு, எண், கடைசியில் பெயர் என்று எழுதுகிறாள். அதே முகவரியை ஆங்கில எழுத்தில் எழுதினால் தலைகீழாகத் திருப்பிவிடுகிறாள். எழுத்து மாறினால் வரிசையும் மாறும் என்று அவளுக்குப் பழக்கமாகவே இருக்கிறது. நமக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை.

என் பிரச்சினை எதிர்ப்பக்கம். ஊரில் உள்ள ஒரு வங்கியில் என்ஆர்ஐ கணக்குக்கு என் சிங்கப்பூர் முகவரியை நிரப்பச் சொன்னார்கள். முதலில் # குறியை ஏற்கவில்லை, "சிறப்பு எழுத்து கூடாது" என்றது. #05-678 மாதிரி எண்ணிலிருந்து # குறியை எடுத்தேன். கோட்டையும் அதுவே விழுங்கி 05678 ஆக்கிவிட்டது. பிறகு Block என்று ஒரு கட்டம். ஆகா, நமக்கென்றே வைத்திருக்கிறார்கள் என்று பிளாக் எண்ணைப் போட்டேன். கிளையிலிருந்து கூப்பிட்டு, "மேடம், உங்க ஊராட்சி ஒன்றியம் எண்ணா இருக்கே?" என்றார்கள். அங்கே பிளாக் என்றால் ஒன்றியமாம்! அதற்கு மேல் மாநிலம், மாவட்டம் இரண்டும் கட்டாயம். மாவட்டத்துக்கு என்ன போடுவது?

நாலாவது மாடி
புதன், மதியம் 1.10

மாவட்டத்துக்கு Central என்று போடுங்கள். சிங்கப்பூரில் ஐந்து மாவட்டம் இருக்கிறதே.

சிராங்கூன் பழசு
புதன், மதியம் 1.40

அவை சமூக மேம்பாட்டு மன்றங்களின் வட்டாரங்கள் தம்பி, தபாலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஊர், மாவட்டம், மாநிலம் ஆகிய மூன்று கட்டத்திலும் சிங்கப்பூர் என்றே போட்டுவிடலாம். பார்க்க அசடாக இருக்கும், ஆனால் தபால்காரரைத் தப்பான இடத்துக்கு அனுப்பாது.

ரேணு செங்காங்
புதன், மதியம் 2.05

நான் மூன்றிலும் சிங்கப்பூர்தான் போட்டேன் ஐயா. "மூன்றும் ஒன்றாக இருக்கக் கூடாது" என்று பிழை காட்டியது. கடைசியில் மாவட்டத்தில் செங்காங் என்று போட்டுத் தப்பித்தேன். சரியா தப்பா தெரியாது, பாஸ்புக் வந்துவிட்டது.

கார்கோ கனி
புதன், மதியம் 3.30

ரேணு, வீட்டு எண்ணில் # போகாவிட்டால் Unit என்று எழுதி, மாடியையும் வீட்டையும் இடைவெளி விட்டுப் பிரியுங்கள், ஒட்டி எழுதவே கூடாது. 05678 என்று பார்த்தால் இங்கே ஒருவருக்கும் மாடி தெரியாது. பிளாக்கைத் தனிக் கட்டத்தில் போடாமல் சாலைப் பெயருக்கு முன்னால், அதே வரியில் போடுங்கள்.

பொங்கோல், செங்காங்கில் பிளாக் எண்ணுக்குப் பின்னால் எழுத்து இருக்கும். ஊர் ஆட்கள் அதை விட்டுவிடுவார்கள். அதைக் குறியீட்டிலேயே சரிபார்க்கலாம். பொங்கோலில் 273பி என்றால் 822273. வட்டாரம் 82, பி என்பதற்கு 2, பிறகு 273. ஏ என்றால் அந்த இடத்தில் 1 இருக்கும். எழுத்தே இல்லாவிட்டால் பெரும்பாலும் 0. ஊரிலிருந்து வந்த முகவரியில் பிளாக் 273 என்று மட்டும் இருந்து, எண் 822273 என்றிருந்தால், பி விடுபட்டிருக்கிறது என்று நான் பெட்டியில் எழுதிவிடுவேன்.

பூஜ்யத்தில் தொடங்குகிற குறியீடு இன்னொரு கூத்து. சைனாடவுனில் ஸ்மித் ஸ்ட்ரீட் பிளாக் 335, குறியீடு 050335. ஒரு வாடிக்கையாளர் முகவரிப் பட்டியலை எக்செலில் வைத்திருந்தார். அது முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 50335 ஆக்கிவிட்டது. 50இல் தொடங்கும் ஐந்து இலக்கம் கோலாலம்பூர்! நாடு என்று ஒன்று எழுதாமல் இருந்திருந்தால் பெட்டி எல்லை தாண்டிப் போயிருக்கும். அந்தக் கட்டத்தை எண் என்று வைக்காமல் எழுத்து என்று வைத்தால் போதும், பூஜ்யம் நிற்கும்.

பட்டுக்கோட்டையான்
புதன், இரவு 8.50

எல்லாரும் ஆங்கிலம் ஆங்கிலம் என்கிறீர்கள். எங்கள் ஊர்த் தபால்காரர் தமிழ்தான் படிப்பார். நான் எப்போதும் தமிழில் மட்டும்தான் எழுதுவேன். ஆங்கிலத்தில் எழுதினால்தான் ழகரம் கெடுகிறது. zh போடுகிறவன் ஒருத்தன், l போடுகிறவன் ஒருத்தன். அரசாங்கமே 2020இல் ஊர்ப் பெயர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு மாற்றி ஆணை போட்டுப் பார்த்தது. கோயம்புத்தூர் Koyampuththoor ஆனது, எல்லாரும் சிரித்தார்கள், சில நாளிலேயே திரும்ப வாங்கிக்கொண்டது. தமிழில் எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை.

கார்கோ கனி
புதன், இரவு 9.20

அண்ணே, உங்கள் ஊர்த் தபால்காரர் கைக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பெட்டியை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? இங்கே பிரிக்கிற மலாய்க்காரர், விமானத்தில் ஏற்றுகிற ஆள், சென்னையில் சுங்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்திக்காரர். இவர்களில் யாருக்கும் தமிழ் தெரிய வேண்டிய அவசியமில்லை. உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதியே இதுதான்: முகவரி ரோமன் எழுத்திலும் 0 முதல் 9 வரையிலான எண்ணிலும் இருக்க வேண்டும். போய்ச் சேரும் நாட்டில் வேறு எழுத்து இருந்தால் அதிலும் சேர்த்து எழுதுவது நல்லது என்கிறது. சேர்த்துத்தான், பதிலாக அல்ல.

அதோடு இப்போது பெட்டி கிளம்புவதற்கு முன்பே சுங்கத்துக்குத் தகவல் மின்னணு வழியாகப் போக வேண்டும். அது நீங்கள் படிவத்தில் அடித்ததிலிருந்துதான் போகிறது. தமிழை அடித்தால் பல படிவங்கள் கேள்விக்குறி கேள்விக்குறியாக அச்சடிக்கும், இல்லாவிட்டால் ஏற்கவே ஏற்காது.

உங்கள் வழியில் பாதி நியாயம் இருக்கிறது. கடைசி ஆளுக்குத் தமிழ்தான் சுலபம். நான் செய்வது: ஆங்கில லேபிள் மேல்முகத்தில். தமிழ் முகவரியைத் தனித் தாளில் பெரிதாக எழுதிப் பக்கவாட்டில் ஒட்டுவேன், பார்கோடின் மேல் விழாமல். பின் கோடு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ரேணு செங்காங்
புதன், இரவு 9.45

கனி அண்ணே, ஒரே பெட்டியில் இரண்டு முகவரி இருந்தால் எது அனுப்புநர், எது பெறுநர் என்று குழம்ப மாட்டார்களா? எனக்கு ஒரு தடவை அப்படி ஆகி, அனுப்பிய எனக்கே வந்தது. அதிலிருந்து தமிழ்த் தாளைப் பெட்டிக்கு உள்ளேதான் வைக்கிறேன்.

கார்கோ கனி
புதன், இரவு 9.58

தமிழ்த் தாளில் "பெறுநர்" என்று தலைப்புப் போடுங்கள். உள்ளே வைத்தால் பெட்டி பிய்ந்தால்தான் பயன்படும். ஆனால் நீங்கள் சொல்வதும் நடந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

குத்தாலத்து மருமகள்
வியாழன், காலை 6.50

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து இப்படி எழுதி வைத்திருக்கிறேன். படிவத்தில் ஒரு வரிக்கு 35 எழுத்துதான், எண்ணிப் பார்த்துவிட்டேன்.

```
Line 1: 4/12 Keela Theru (East Street)
Line 2: Kuttalam Post, Mayiladuthurai Dt
City:   MAYILADUTHURAI
State:  TAMIL NADU
PIN:    609801
INDIA
```

பட்டியலில் குத்தாலம் இல்லாததால் ஊர்க் கட்டத்தில் மயிலாடுதுறையைத் தேர்ந்தெடுத்தேன். பின் கோடு தானாக 609001 என்று வந்தது. அழித்துவிட்டு 609801 அடித்தேன். இது சரியா? கீழத்தெருவுக்கு என் கணவர் Lower Street என்று போடச் சொன்னார், மொழிபெயர்ப்புச் செயலியும் அதையே காட்டுகிறது. எனக்கு ஏதோ உறுத்தியது.

சிராங்கூன் பழசு
வியாழன், காலை 8.15

உறுத்தியது நியாயம். கீழ என்றால் இங்கே கிழக்கு, மேல என்றால் மேற்கு. பள்ளம் மேடு இல்லை. Lower Street என்று எழுதினால் குத்தாலத்தில் ஒருவருக்கும் விளங்காது. உங்கள் அடைப்புக்குறியில் East Street போட்டது பொருளுக்குச் சரி.

ஆனால் அதைப் போடாமல் விட்டால் என்ன என்றும் ஒரு யோசனை. கோயில் ஊர்களில் கீழ வீதி ஒன்று இருக்கும், கீழத்தெரு வேறு ஒன்று இருக்கும். வீதி என்பது தேர் ஓடுகிற வீதி. ஆங்கிலத்தில் இரண்டும் East Street ஆகிவிடும். நாம் மொழிபெயர்க்கப் போய் இரண்டு தெருவை ஒன்றாக்கிவிடுவோம். Keela Theru என்று ஒலிப்படி எழுதினால் அந்த வம்பு இல்லை.

கார்கோ கனி
வியாழன், காலை 8.40

ஊர்க் கட்டத்தில் மாவட்டத் தலைநகர் போட்டது சரி. பட்டியலில் ஊர் இல்லையென்றால் எப்போதும் அப்படித்தான், ஒலியில் பக்கத்தில் இருக்கிற பெயரைத் தொடவே கூடாது. தானாக வந்த எண்ணை மாற்றியதும் சரி. 609001 மயிலாடுதுறை தலைமை அஞ்சலகம், அங்கே போனாலும் குத்தாலம் Post என்று வரியில் இருப்பதால் திருப்பிவிடுவார்கள், ஆனால் ஒன்றிரண்டு நாள் வீண். சில படிவங்கள் நீங்கள் திருத்திய எண்ணை அடுத்த பக்கத்தில் திரும்பப் பழையபடி ஆக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தில் ஒரு தடவை பாருங்கள், லேபிள் அச்சானதும் இன்னொரு தடவை பாருங்கள்.

இந்தியா போஸ்ட் தளத்தில் 609801 போட்டுத் தேடினால் அந்த எண்ணில் வரும் நிலையங்களின் பெயர் வரும். அங்கே குத்தாலத்தை எப்படி எழுதியிருக்கிறார்களோ அதே ஸ்பெல்லிங்கை Post என்பதற்கு முன்னால் போடுங்கள். பட்டுக்கோட்டையான் அண்ணே, zh-ஆ l-ஆ என்கிற உங்கள் சண்டைக்கும் எனக்குத் தெரிந்த தீர்ப்பு அதுதான்.

East Street விஷயத்தில் பெரியவரோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். தனியார் கூரியரில் அனுப்பினால் பெறுபவரின் ஆதார் கேட்பார்கள். ஆதாரில் ஆங்கிலத்தில் East Street என்று இருந்து, லேபிளில் Keela Theru என்று இருந்தால் "ஒத்துப் போகவில்லை" என்று நிறுத்தி வைத்த கேஸ் எனக்கே இரண்டு வந்திருக்கிறது. தபாலில் அனுப்பினால் அந்தத் தொல்லை எனக்கு வந்ததில்லை. எதில் அனுப்புகிறீர்கள் என்று பார்த்து முடிவு பண்ணுங்கள்.

பட்டுக்கோட்டையான்
வியாழன், காலை 9.05

எங்கள் ஊரில் தபால் நிலையமே கிடையாது, பக்கத்து ஊர்தான். அப்போ Post என்பதற்கு முன்னால் எந்த ஊர் போடுவது?

கார்கோ கனி
வியாழன், காலை 9.12

நிலையம் இருக்கிற ஊர்தான் அண்ணே. உங்கள் கிராமம் முதல் வரியில் தெருவோடு, நிலையத்து ஊர் இரண்டாம் வரியில் Post என்று. இரண்டையும் ஒரே வரியில் போட்டு வெட்டுப்பட விடாதீர்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரே பெயரில் மூன்று நாலு கிராமம் இருக்கும், நிலையத்துப் பெயர்தான் பிரித்துக் காட்டும்.

யீஷூன் செல்வா
வியாழன், மதியம் 12.30

தனி இழை போட்டேன், யாரும் வரவில்லை. s/o பிரச்சினை இன்னும் அப்படியே இருக்கிறது.

குத்தாலத்து மருமகள்
ஞாயிறு, மாலை 5.20

அத்தையிடம் கேட்டேன். ஆதார் அட்டையை யாரோ படிக்கக் கேட்டுச் சொன்னார். தமிழில் கீழத்தெரு. ஆங்கிலத்தில் Keezha Street! ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் ஆளுக்குப் பாதி. கதவு எண் 4/12 இல்லை, 4-12. கீழ வீதி என்று ஒன்று ஊரில் இருக்கிறதா என்றும் கேட்டேன். "இருக்கே, கோயிலைச் சுத்தி. அங்க என்ன?" என்றார்.

தபாலில்தான் அனுப்பினேன். East Street அடைப்புக்குறியை எடுத்துவிட்டு Keela Theru மட்டும் வைத்தேன். பக்கவாட்டில் தமிழ்த் தாள், தலைப்பில் பெறுநர். பக்கத்து வீட்டுப் பையன் எண். சனிக்கிழமை கவுண்டரில் கொடுத்தபோது, தமிழ்த் தாளைப் பார்த்து அந்தப் பெண் "இது என்ன?" என்றாள். இரண்டாவது முகவரி என்றேன். பெட்டியைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்தாள்.

கார்கோ கனி
ஞாயிறு, இரவு 7.45

பின் கோடு லேபிளில் 609801தானே?

குத்தாலத்து மருமகள்
ஞாயிறு, இரவு 7.50

மூன்று தடவை பார்த்தேன் அண்ணே. போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறேன்.